பேச்சு முடிந்த பிறகு வராந்தாவில்

விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

கருத்தரங்கு நாட்களில் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேச்சாளர் மேடையைவிட்டு இறங்கியதும், அரங்கத்துக்கு வெளியே வராந்தாவில் நோட்டும் கையுமாக ஐந்தாறு பேர் தயங்கித் தயங்கி நிற்பீர்கள். அவர் பக்கத்தில் வந்ததும் ஒருவர் “ரொம்ப நல்லா இருந்துச்சு சார்” என்பார். அவரும் “நன்றிம்மா” என்பார். ஒரு செல்ஃபி எடுப்பீர்கள். அதற்குள் ஒருங்கிணைப்பாளர் வந்து, சாப்பாடு தயாராக இருக்கிறது என்று அவரை அழைத்துக்கொண்டு போய்விடுவார். பல்லவர் சுவர்களைப் பார்ப்பதிலேயே ஆயுளில் பாதியைச் செலவழித்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்துபோயிருப்பார். அந்தச் சுவர்களில் ஒன்றின் அடிவாரத்தில் உங்களில் ஒருவர் குடியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாமலே போகும்.

பனமலையில் பிறந்து, பள்ளியில் வரலாறு நடத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைத் தாளகிரீசுவரர் கோயிலுக்கு அழைத்துப்போகிறவன் நான். சில அரங்குகளில் பேசியும் இருக்கிறேன். வராந்தாவின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பேச்சாளரின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசித் தொண்டை வறண்டிருக்கும். தோளில் பொன்னாடை, ஒரு கையில் நினைவுப் பரிசு, மறு கையில் மடிக்கணினிப் பை. ஊர் திரும்பப் பஸ்ஸையோ ரயிலையோ பிடிக்க வேண்டியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் பெயர் சொல்வார்கள், ஒன்றுகூட மனதில் நிற்காது. ஆனால் அப்போது அவர் மனம் சும்மா இருப்பதில்லை. நேரமில்லாமல் தாண்டிப்போன படங்களையும், தனக்கே உறுதியில்லாமல் “இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு வந்த இடங்களையும் சுற்றிக்கொண்டிருக்கும். மேடையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அப்படித்தான். பாராட்டு அந்த இடத்தைத் தொடுவதில்லை. அவர் உறுதியில்லாமல் விட்ட இடத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நடந்துகொண்டிருப்பவர் நின்றுவிடுவார்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. இருபத்திரண்டு வயதில், எங்கள் ஊர்க் கல்வெட்டுகளைப் பற்றி நான் எழுதியதை நாற்பத்தெட்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, நூல் கோத்து, ஒரு கருத்தரங்கில் பேச வந்த பேராசிரியர் கையில் கொடுத்தேன். “படிச்சுட்டுச் சொல்லுங்க ஐயா” என்றேன். “கண்டிப்பா” என்றார். சாப்பாடு முடிந்து கை கழுவப் போனபோது, ஜன்னல் திட்டில் அந்தக் கட்டு இருந்தது. அன்று மனம் ரொம்ப வலித்தது. அவருடைய இரண்டு மூன்று நாட்களை நான் கேட்டிருக்கிறேன் என்பதும், பதிலுக்கு அவர் கண்ணில் படும்படி ஒரு வரியைக்கூடக் காட்டவில்லை என்பதும் பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

இனி, நம் மாநிலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1928இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து இயற்பியல் பேராசிரியர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் உரையாற்றினார். கேட்டவர்களில் ஒருவர் அங்கே இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர். 1910இல் பிறந்தவர், அப்போது பதினெட்டு வயதையொட்டிய பையன். மறுநாள் சோமர்ஃபெல்டு தங்கியிருந்த விடுதிக்கே போய் அவரைப் பார்த்தார். அணுவின் அமைப்பையும் நிறமாலைக் கோடுகளையும் பற்றிச் சோமர்ஃபெல்டு எழுதிய பெரிய புத்தகத்தைச் சந்திரசேகர் முன்பே தானாகப் படித்து முடித்திருந்தார். அதைத்தான் அவரிடம் சொன்னார்.

சோமர்ஃபெல்டின் பதில் அவரைத் திடுக்கிட வைத்தது. அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது, ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் ஆகியோரின் புதிய குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது, நீ படித்ததில் பெரும்பகுதி பழையதாகிவிட்டது என்று விளக்கினார். அதோடு அனுப்பிவிடவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் புதிய புள்ளியியலைக் கொண்டு விளக்கித் தான் எழுதிய, இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் படிகளை அந்தப் பையன் கையில் கொடுத்தார். சந்திரசேகர் அதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டு படித்தார். சில மாதங்களில், அதே புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலில் பொருத்தி ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஆர். எச். ஃபவுலருக்கு அனுப்பினார். 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியானது. 1930இல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியது அதே ஃபவுலரிடம் படிக்கத்தான்.

சி. வி. ராமனின் அண்ணன் மகன், படித்த குடும்பம், நல்ல நூலகம் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அச்சுப் படி அவர் கைக்கு வந்ததற்கு அந்தப் புத்தகத்தைப் படித்திருந்ததே காரணம் என்று நினைக்கிறேன். “நான் இதுவரை வந்துவிட்டேன்” என்று ஒருவன் தன் இடத்தைச் சரியாகக் காட்டும்போதுதான், அடுத்த படி எது என்று பெரியவரால் சொல்ல முடிகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். உரை நடந்த நாளிலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்க்க அவர் முயலவில்லை. உட்கார்ந்து பேச மறுநாள் போனார். வராந்தா என்பது மறுநாளைக்கு வழி கேட்கும் இடம். அங்கேயே எல்லாவற்றையும் பேசிவிட நினைத்ததுதான் நான் செய்த தவறு.

நம் பக்கத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 1910இல் வேலை தேடி ராமானுஜன் வந்தது நம் திருக்கோவிலூருக்கு. அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை, காட்டியது தன் நோட்டுப் புத்தகம். அதைப் பார்த்தவர், இவரைக் குமாஸ்தாவாக்கி வீணடிக்க மனமில்லாமல், சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியாகத்தான் நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவை ராமானுஜன் சந்தித்தார். தனக்குப் பிடிபடாத கணக்குகளைப் பார்த்து முதலில் குழம்பிய ராவிடம், ராமானுஜன் எளிய முடிவுகளிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துப்போனார். உனக்கு என்ன வேண்டும் என்று ராவ் கேட்டபோது, கணக்குப் போட்டுக்கொண்டே உயிர்வாழப் போதுமான சிறு தொகை என்றார். மேதைக்கே எளிய வரியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது, சின்னதாகக் கேட்க வேண்டியிருந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பனமலைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. விமானத்தோடு ஒட்டிய வடக்குச் சிறு சன்னதியின் சுவரில், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் பார்வதியின் ஓவியம் இருக்கிறது. தலைக்கு மேல் குடை. அவள் பார்த்துக்கொண்டிருந்த சிவனின் ஆட்டம் பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

சில வருடங்களுக்கு முன் விழுப்புரத்தில் பல்லவ ஓவியங்களைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. பேசிய அம்மையார் காஞ்சி கைலாசநாதரைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டுப் பனமலைக்கு வந்தபோது மணி ஆகிவிட்டது. ஒரே ஒரு படத்தைக் காட்டி, மடித்த காலின் கோடு சில இடங்களில் மங்கிவிட்டது என்று சொல்லி முடித்தார். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரண்டாம் ஆண்டு மாணவி, அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பேச்சு முடிந்ததும் அவள் மேடையைச் சுற்றிய கூட்டத்துக்குள் போகவில்லை. அரங்கத்திலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், தண்ணீர்க் குடம் வைத்திருந்த இடத்துக்கு ஒரு தூண் முன்னால் போய் நின்றாள். பேசி வந்தவர்கள் எல்லாருக்கும் முதலில் வேண்டியது தண்ணீர்தான். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: “அம்மா, எனக்குப் பனமலைக்குப் பக்கத்து ஊரு. பார்வதி கால்ல கோடு மங்கிட்டதுன்னு சொன்னீங்க. மேகம் மூடின நாள்ல போனா அந்தக் கோடு தெரியுதும்மா. வெயில் நாள்ல வாசல் வெளிச்சம் கண்ணைக் கூசுறதால தெரியமாட்டேங்குது.”

நாலே வாக்கியம், அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவளுடைய பெயரும் கல்லூரியும் அதில் இல்லை, பாராட்டும் இல்லை. அந்த அம்மா திரும்பி நின்றார். அவள் போனை நீட்டினாள். ஒரே ஒரு படம், முன்பே திறந்து, திரை வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருந்தாள். ஃபிளாஷ் போடாமல் எடுத்தது. இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் ‘இருங்க சார், காட்டுறேன்’ என்று நானூறு படங்களைத் தள்ளிக்கொண்டே போவார்கள். கல்யாணப் படமும் பிறந்தநாள் படமும் ஓடிக்கொண்டிருக்க, பார்க்க வந்தவர் கண் வேறு பக்கம் போய்விடும்.

அந்த அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எந்த மாதம் எடுத்தது என்று கேட்டார். ஐப்பசி என்றாள். பிறகு தன் கேள்வியைக் கேட்டாள்: “இது பழைய கோடா, இல்ல பின்னாடி யாராவது மேல எழுதினதான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறதும்மா?”

கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடலாம், ஆனால் நிபுணருக்குத்தான் பதில் தெரியும். “பல்லவர் கலையைப் பற்றிச் சொல்லுங்க” என்று கேட்டால் அவர் மறுபடியும் ஒரு மணி நேரம் பேச வேண்டும். “பிஎச்.டி.க்கு என்ன தலைப்பு எடுக்கலாம்” என்று கேட்டால், உங்களைப் பற்றி எதுவும் தெரியாத அவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்.

அவர் சொன்ன பதில் எனக்கும் பாடமாக இருந்தது. சுண்ணப் பூச்சில் விரிசல் இருக்கும் இடத்தைப் பார். பழைய கோடு என்றால், பூச்சு விரிந்தபோது அதுவும் சேர்ந்து அறுந்திருக்கும், விரிசலின் இரு கரையிலும் நின்றுவிடும். பின்னால் எழுதிய கோடு என்றால், நிறம் விரிசலுக்குள் இறங்கியோ அதை மூடியோ ஓடும். பூச்சு பெயர்ந்த குழியிலும் இதே கணக்குதான். தொடாதே, துடைக்காதே, கண்ணால் மட்டும் பார். இதைச் சொல்லிவிட்டு, பார்த்து எனக்கு எழுதுகிறாயா என்று அவராகவே மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார். அதற்குள் ஒருங்கிணைப்பாளர் வந்துவிட்டார். அவள் “நன்றிம்மா, எழுதுறேன்” என்று இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டாள். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும்.

அன்று சாயங்காலமே கடிதம் எழுதலாமா, மலைக்குப் போய் வந்து எழுதலாமா என்று என்னிடம் கேட்டாள். இரண்டும் வேண்டும் என்றேன். அன்றே எழுதுவது, நீங்கள் யார் என்று அவருக்கு நினைவிருக்கும்போதே முகத்தோடு பெயரைச் சேர்த்துவைக்க. இரண்டு நாள் விட்டால் அந்த வராந்தாவே அவருக்கு மறந்துபோகும். அவள் எழுதியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

“பொருள்: பனமலைப் பார்வதி, மேகமூட்ட நாளில் எடுத்த படம். மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். இன்று மதியம் தண்ணீர்க் குடத்தருகே பனமலை ஓவியத்தைப் பற்றிப் பேசிய மாணவி நான். நீங்கள் பார்த்த படத்தை இணைத்துள்ளேன். விரிசல்களைப் பார்க்கச் சொன்னீர்கள். இரண்டு வாரத்துக்குள் போய்ப் பார்த்து எழுதுகிறேன். நீங்கள் இப்போது பதில் எழுத வேண்டியதில்லை.”

கடைசி வாக்கியம் நான் சொல்லிச் சேர்த்தது. பதில் கடன் இல்லாத கடிதத்தைப் படிக்க யாருக்கும் பாரமில்லை. தலைப்பு வரியையும் பாருங்கள். ‘வணக்கம்’ என்றோ ‘மாணவி’ என்றோ போட்டிருந்தால், ஆறு மாதம் கழித்து அவர் தேடினாலும் கிடைக்காது.

பன்னிரண்டாம் நாள் அவள் மலையேறினாள், தோழியையும் கூட்டிக்கொண்டு. காலின் கோடு விரிசலைத் தாண்டும் இரண்டு இடங்களைப் பார்த்தாள். ஓர் இடத்தில் கோடு அறுந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது என்றும், மற்ற இடத்தில் தன்னால் தீர்மானிக்க முடியவில்லை என்றும், அதை அருகிலிருந்து எடுத்த படத்தை இணைத்திருப்பதாகவும் எழுதினாள். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதியதுதான் அந்தக் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த இரண்டாவது இடத்தைப் பற்றித்தான் அந்த அம்மா இரண்டு பத்தி எழுதியிருந்தார். அடுத்த முறை பனமலைக்கு வந்தபோது, கோயில் வாசலில் நின்று முதலில் கேட்டது அவளைத்தான்.

இது எப்போதும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். பஸ் பிடிக்க ஓடுகிறவரிடம் எதையும் தொடங்காதீர்கள். “உங்களுக்கு எழுதலாமா?” என்று மட்டும் கேளுங்கள். கண் வாசலுக்குப் போகிறது, “ம், ம்” என்கிறார், உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிட்டது என்றால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லி நகருங்கள். அவர் சொன்ன ஒரு விஷயம் தவறென்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், கூட்டத்தின் நடுவில் சொல்லாமல் வராந்தாவில் கேள்வியாகக் கேளுங்கள். “கல்வெட்டுல நான் வேற மாதிரி படிச்சேன், எங்க தப்பு பண்ணினேன்னு சொல்றீங்களா ஐயா?” என்றால், தவறு யாருடையதாக இருந்தாலும் இருவரும் சேர்ந்து பார்ப்பீர்கள். சந்திப்பைத் தனி இடத்துக்கு மாற்றச் சொல்கிறவரிடம் தங்கைகள் தனியாகப் போக வேண்டாம். கடிதத்திலேயே பேச மறுக்கும் நிபுணரால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பதிலே வராமலும் போகும். எனக்குத் தெரிந்து பாதிக்குப் பாதி அப்படித்தான். அப்போது ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதுவும் கையில் புதிதாக ஒரு செய்தி இருந்தால் மட்டும். பதில் வராவிட்டாலும் விரிசலைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கண் உங்களோடு இருக்கும். அடுத்து வரும் வேறொரு பேச்சாளரிடம் அந்தக் கண்ணோடு போய் நிற்கலாம்.

உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கருத்தரங்கின் அழைப்பிதழ் வந்ததும், யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று பாருங்கள். அது நம் மலையைப் பற்றியோ, மண்டகப்பட்டைப் பற்றியோ, தளவானூரைப் பற்றியோ இருந்தால், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு அந்த இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பார்த்ததில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, எழுதிக்கொண்டு அரங்கத்துக்கு வாருங்கள். பனமலைக்கு வருவதானால் காலை எட்டு மணிக்கு மலையடிவாரத்தில் நான் இருப்பேன்.

அன்புடன்,
பனமலையிலிருந்து உங்கள் ஆசிரியர் ஒருவர்